4.35-க்கு ஒரு மாற்றம், 4.50-க்கு ஒரு சரிவு... ரோல்பேக் செய்யலாமா, வேண்டாமா?

2025 நவம்பர் 18, செவ்வாய்க்கிழமை. நம் நேரத்துக்கு மாலை 4.50 மணி. எக்ஸ் தளத்தைத் திறந்தவர்களுக்குப் பதிவுகள் வரவில்லை. பிழைச் செய்திதான் வந்தது. 'டேட்டா பேக் முடிஞ்சிடுச்சோ' என்று சந்தேகப்பட்டவர்களும், வைஃபை பெட்டியை அணைத்துப் போட்டுப் பார்த்தவர்களும் உலகம் முழுக்க இருந்திருப்பார்கள். கோளாறு போனிலும் இல்லை, எக்ஸ் தளத்திலும் இல்லை. இணையதளங்களுக்கும் அவற்றைப் பார்க்க வருகிறவர்களுக்கும் நடுவில் வாயிற்காவலர் மாதிரி நிற்கும் க்ளவுட்ஃப்ளேர் என்ற அமெரிக்க நிறுவனத்தின் சர்வர்கள் தடுமாறிக்கொண்டிருந்தன. காவலர் மயங்கி விழுந்தால் வீடு நன்றாக இருந்தும் யாரும் உள்ளே போக முடியாது, இல்லையா? அதுதான் நடந்தது.

அந்த நேரத்தில் க்ளவுட்ஃப்ளேரில் பணியில் இருந்தவர்கள் முன்னால் இருந்த கேள்வி, சென்னை ஓ.எம்.ஆரிலும் கோவையிலும் இருக்கும் பல வீடுகளுக்குக்கூடப் பழக்கமானதுதான். மகனோ மகளோ சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே லேப்டாப்பைத் திறந்து வைத்திருப்பார்கள். கேட்டால், 'இந்த வாரம் நான் ஆன்-கால்மா' என்பார்கள். போனில் அலாரம் அடித்ததும் அவர்கள் முதலில் கேட்கும் கேள்வி 'என்ன ஆச்சு?' என்பதல்ல. 'கடைசியா என்ன மாத்தினோம்? எப்போ மாத்தினோம்?' என்பதுதான்.

காரணம் எளிது. நேற்றுவரை ஓடிய மென்பொருள் இன்றைக்கு மாலை திடீரென்று ஓட மறுத்தால், நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவில் யாரோ எதையோ தொட்டிருக்க வாய்ப்பு அதிகம். புதிய நிரலை சர்வர்களில் ஏற்றுவதை டிப்ளாய்மென்ட் என்கிறார்கள். ஏற்றியதை விட்டு முந்தைய வடிவத்துக்கே திரும்புவது ரோல்பேக். எத்தனை கோரிக்கைகளில் எத்தனை தோற்றன என்று காட்டும் கோடு ஒன்று திரையில் ஓடிக்கொண்டிருக்கும். அதே திரையில், டிப்ளாய்மென்ட் நடந்த நிமிடத்தில் செங்குத்தாக இன்னொரு கோடு விழும். செங்குத்துக் கோட்டை ஒட்டியே பிழைக் கோடு மேலே கிளம்பினால், கை ரோல்பேக் பொத்தானை நோக்கிப் போகும்.

இதே க்ளவுட்ஃப்ளேரில் 2019 ஜூலை 2 அன்று நடந்தது அப்படிப்பட்ட ஒரு சம்பவம். இணையத் தாக்குதல்களைக் கண்டுபிடிக்கும் விதிகளில் ஒரு சின்ன மாற்றத்தை ஒரு பொறியாளர் இந்திய நேரம் இரவு 7.12-க்கு அனுப்பினார். அது படிப்படியாகப் போகவில்லை. உலகம் முழுக்க ஒரே மூச்சில் போய்ச் சேர்ந்தது. அதில் இருந்த ஒரு தேடல் வாய்ப்பாடு, சர்வர்களின் மொத்த உழைப்பையும் விழுங்கியது. 7.15-க்கு முதல் அலாரம். நடுவில் இருந்தது மூன்றே நிமிடம். அப்படி இருந்தும் '7.12-தான் காரணம்' என்று உடனே யாரும் முடிவு கட்டவில்லை. 'இதுவரை பார்க்காத புதுவகைத் தாக்குதலோ' என்ற சந்தேகமும் கூடவே இருந்தது. தங்கள் உள் தளங்களே தங்கள் நெட்வொர்க் வழியாகப் போனதால், அவற்றைத் திறக்கவும் திண்டாடினார்கள். 7.37-க்கு அந்த விதித் தொகுப்பை உலகம் முழுக்க மொத்தமாக அணைத்தார்கள். 7.39-க்குக் கோடு இறங்கிவிட்டது. ஆக, நேரம் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்திய சம்பவத்துக்கே 27 நிமிடம் ஆனது.

பொருத்தம் பார்ப்பது கேட்பதற்கு எளிதாகத் தெரியும். ஆனால், அந்தக் கோட்டை எப்படி வரைந்தார்கள் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

உணவு ஆர்டர் செய்யும் ஓர் ஆப் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாலை 4 மணிக்கு நிமிடத்துக்கு 1,000 கோரிக்கைகள் வருகின்றன. அதில் 2 தோற்கின்றன. இரவு 8 மணிக்கு எல்லோருக்கும் பசி. நிமிடத்துக்கு 5,000 கோரிக்கைகள். அதில் 10 தோற்கின்றன. அன்று 7.40-க்கு டிப்ளாய்மென்ட் நடந்திருந்தால், பிழைகளை வெறும் எண்ணிக்கையாகப் பார்ப்பவர் அலறிவிடுவார். 2 இருந்த இடத்தில் 10, அதுவும் டிப்ளாய்மென்ட் முடிந்த கையோடு! ஆனால், விகிதம் இரண்டு நேரத்திலும் 0.2 சதவிகிதம்தான். ஏறியது கூட்டம், பிழை அல்ல. அதற்காக விகிதத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. அதிகாலை 2 மணிக்கு 50 கோரிக்கைகளில் ஒன்று தோற்றாலே 2 சதவிகிதம் ஆகிவிடும். பார்ப்பதற்குப் பத்து மடங்கு உயர்வு. உண்மையில் யாரோ ஒருவருக்கு ஒரு முறை வந்த தடங்கல். அதனால்தான் அனுபவம் உள்ளவர்கள், போன வாரம் இதே கிழமை, இதே நேரத்தின் கோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள்.

அடுத்த சிக்கல், கோட்டின் தாமதம். பெரும்பாலான கிராஃப்கள் அந்தந்த நொடியின் பிழையைக் காட்டுவதில்லை. கோடு ரொம்பக் குதிக்கக் கூடாது என்பதற்காகக் கடைசி ஐந்து நிமிடங்களின் சராசரியைக் காட்டும். அதே ஆப்பில் 7.40-க்கு ஏற்றிய நிரல் 7.42-க்குப் பத்தில் ஒரு கோரிக்கையைத் தோற்கடிக்கத் தொடங்கியது என்று கொள்வோம். 7.43-க்கு கிராஃப் காட்டுவது 10 சதவிகிதம் அல்ல, ஏறக்குறைய 2 சதவிகிதம்தான். முழு 10 சதவிகிதம் தெரிய 7.47 ஆகிவிடும். 5 சதவிகிதத்தைத் தாண்டினால் அலாரம் அடிக்க வேண்டும் என்று வைத்திருந்தால், அது 7.45 வாக்கில்தான் அடிக்கும். இதற்கு நடுவில், 7.44-க்கு வேறொரு குழு வேறொரு மாற்றத்தை அனுப்பியிருந்தால் பழி யார் மேல் விழும்? அலாரத்துக்கு ஒரு நிமிடம் முன்னால் வந்த அப்பாவி மேல்தான். அதனால், அலாரம் அடித்த நேரத்தை வைத்துப் பொருத்தம் பார்க்கக் கூடாது. கோடு தரையை விட்டு எழுந்த முதல் நிமிடம் எது என்று பின்னோக்கிப் போய்ப் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம்விடப் பலமான சாட்சி ஒன்று உண்டு. புதிய நிரல் எல்லா சர்வர்களுக்கும் ஒரே நேரத்தில் போகாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும்போது, சிறிது நேரத்துக்குப் பழையதும் புதியதும் அக்கம்பக்கத்தில் ஓடும். இரண்டுக்கும் வருவது ஒரே கூட்டம்தான். புதியது ஏறிய சர்வர்களில் மட்டும் பிழை உயர்ந்து, பழைய சர்வர்கள் அமைதியாக இருந்தால், கடிகாரத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

இப்போது நவம்பர் 18-க்கு வருவோம். அன்றே க்ளவுட்ஃப்ளேரின் தலைவர் மேத்யூ பிரின்ஸ் விரிவான விளக்கம் எழுதினார். அதில் இருக்கும் நேரங்களை இந்திய நேரத்துக்கு மாற்றிப் படித்தால், ஏன் அவ்வளவு நேரம் ஆனது என்பது புரியும்.

மாலை 4.35-க்கு ஒரு மாற்றம் போயிருக்கிறது. அது புதிய நிரல் அல்ல. ஒரு டேட்டாபேஸில் யார் எதைப் பார்க்கலாம் என்ற அனுமதியில் செய்த திருத்தம். பாதுகாப்பைக் கூட்டும் நல்ல நோக்கத்தில் செய்தது. இணையத்தில் தானாக உலவும் 'பாட்'களை அடையாளம் காண, அந்த நிறுவனம் ஒரு கோப்பை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இந்த டேட்டாபேஸிலிருந்து தயாரித்து, உலகம் முழுக்க உள்ள தன் சர்வர்களுக்கு அனுப்பும். அனுமதி மாறியதும், கோப்பைத் தயாரிக்கும் கேள்விக்கு டேட்டாபேஸ் ஒரே பதிலை இரண்டு முறை சொல்ல ஆரம்பித்தது. கோப்பு இரண்டு மடங்குக்கு மேல் பெருத்தது. அதைப் படிக்கும் மென்பொருள் 200 அம்சங்கள் வரைதான் தாங்கும். வழக்கமாக இருப்பது 60 போலத்தான் என்பதால் அந்த வரம்பைப் பற்றி யாருக்கும் கவலை இருந்ததில்லை. அன்று வரம்பு மீறியது, மென்பொருள் நின்றது. 4.50 வாக்கில் பிழைக் கோடு எழுந்தது.

15 நிமிட இடைவெளி. 4.35-ஐயும் 4.50-ஐயும் இப்படி அடுத்தடுத்து எழுதினால் 'இதுகூடத் தெரியலையா?' என்று தோன்றும். ஆனால், அவர்கள் பார்த்த கோடு வேறு மாதிரி இருந்தது. ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது.

கெட்ட நிரல் ஒன்று ஏறினால் பிழைக் கோடு மேலே போய் அங்கேயே நிற்கும். யாரும் தொடாமல் தானாகக் குணமாகி மறுபடி காய்ச்சல் வருவது அதன் இயல்பல்ல. அலை அலையாக வந்து போவது தாக்குதலின் குணம். அன்று அந்த அலைக்கு வேறொரு காரணம் இருந்தது. அனுமதித் திருத்தம் டேட்டாபேஸின் எல்லா சர்வர்களுக்கும் இன்னும் போய்ச் சேரவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கோப்பு தயாராகும்போது, திருத்தம் போன சர்வரில் தயாரானால் கெட்ட கோப்பு. போகாத சர்வரில் தயாரானால் நல்ல கோப்பு. நல்லது வந்தால் உலகம் எழுந்து நின்றது. கெட்டது வந்தால் விழுந்தது. பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் ஓடினால் நல்ல சாட்சி என்று பார்த்தோமே, அந்த ஏற்பாடே இங்கே குழப்பத்துக்குக் காரணமாகிவிட்டது. கலப்பு இருந்தது டேட்டாபேஸில். பிழை தெரிந்ததோ பல படிகள் தள்ளி, வாசலில்.

போதாததற்கு, நிறுவனத்தின் நிலவர அறிவிப்புப் பக்கமும் அதே நேரத்தில் விழுந்தது. அது க்ளவுட்ஃப்ளேரின் சர்வர்களில் இல்லை. வெளியில், சம்பந்தமே இல்லாத இடத்தில் இருந்தது. அது விழுந்தது வெறும் தற்செயல். ஆனால், அந்த நேரத்தில் பார்ப்பவர்களுக்கு 'யாரோ திட்டம் போட்டு இரண்டையும் அடிக்கிறார்கள்' என்றே தோன்றும். தோன்றியது. நேரப் பொருத்தம் உண்மையான குற்றவாளியைக் காட்டிக்கொடுக்காமல், சம்பந்தமில்லாத ஒன்றைச் சம்பந்தப்படுத்திவிட்டது. பொருத்தம் பார்க்கிறவர்களுக்கு இதைவிட மோசமான ஒரு மாலை அமைவது கஷ்டம்.

5.02-க்கு ஆட்கள் கையில் எடுத்து ஆராயத் தொடங்கினார்கள். முதலில் கவனம் போனது, அதிகமாக அடிவாங்கியதாகத் தெரிந்த ஒரு சேமிப்புச் சேவையின் பக்கம். அது பாதிக்கப்பட்டது, பாதித்தது அல்ல. 6.35-க்கு அந்தச் சேவையைச் சுற்றுவழியில் விட்டு பாதிப்பைக் கொஞ்சம் குறைத்தார்கள். 7.07-க்குத்தான், தூண்டியது அந்தக் கோப்பு என்று உறுதியானது. பழைய கோப்பைத் திரும்பப் போடுவதே எல்லாவற்றிலும் வேகமான வழி என்று முடிவெடுத்தார்கள். 7.54-க்குப் புதிய கோப்புகள் தயாராவதையும் பரவுவதையும் நிறுத்தினார்கள். பழைய கோப்பை வைத்துச் சோதித்தபோது வேலை செய்தது. இரவு 8 மணிக்குப் பெரும்பாலான தளங்கள் எழுந்தன. எல்லாம் முழுதாகச் சரியாக 10.36 ஆனது. முடங்கிக் கிடந்த மற்ற சேவைகளை ஒவ்வொன்றாக மீண்டும் தொடங்க வேண்டியிருந்தது. வெளியே காத்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே நுழைய முயன்றதால் ஒரு பக்கம் நெரிசல் வேறு. ரோல்பேக் செய்ததும் கோடு பூஜ்ஜியத்துக்கு விழும் என்று எதிர்பார்த்து, விழாததால் 'தப்பு ஆளைப் பிடிச்சுட்டோம்' என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. கோடு எந்த நிமிடத்தில் திசை திரும்பியது என்பதுதான் முக்கியம். வால் நீளமாக இருக்கலாம்.

இதில் கவனிக்க வேண்டியது, 4.35 மாற்றம் டிப்ளாய்மென்ட் மாதிரியே இல்லை என்பது. அனுமதித் திருத்தம், அமைப்புக் கோப்பு, ஒரு வசதியை இயக்கும் சுவிட்ச், காலாவதியாகும் பாதுகாப்புச் சான்றிதழ்... இவையெல்லாம் சர்வரின் போக்கை மாற்றக்கூடியவை. கிராஃபில் நிரல் ஏறிய நேரங்களுக்கு மட்டும் செங்குத்துக் கோடு போட்டுவிட்டு, 'இந்த நேரத்துல யாரும் எதுவும் பண்ணலையே' என்று சொல்வது, வாசல் கேமராவை மட்டும் பார்த்துவிட்டு வீட்டுக்குள் யாரும் வரவில்லை என்று சொல்வது மாதிரி. கொல்லைப்புறக் கதவும் இருக்கிறது.

சரி, பொருத்தம் ஓரளவு தெரிகிறது, ஆனால் உறுதியில்லை. திருப்புவதா, பொறுப்பதா?

பொதுவாக ஆன்-காலில் இருப்பவர்கள் சாய்வது திருப்பும் பக்கம்தான், அது நியாயமும்கூட. இது நீதிமன்றம் இல்லை. சந்தேகத்தின் பலனைப் புதிய நிரலுக்குக் கொடுக்க வேண்டியதில்லை. தவறான ஆளைத் திருப்பினால் நஷ்டம், ஒரு வசதி ஒரு நாள் தள்ளிப்போவது. சரியான ஆளை விட்டுவைத்தால் ஒவ்வொரு நிமிடமும் வாடிக்கையாளர் தலையில் விடியும். காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் திருப்புவேன் என்று நிற்பவர், நெருப்பை வைத்தது யார் என்று தெரிந்த பிறகுதான் தண்ணீர் ஊற்றுவேன் என்று நிற்பவர். திருப்பிய பிறகு கோடு இறங்கினால் அதுவே பெரிய சாட்சி. இறங்காவிட்டால், ஒரு பெயர் சந்தேகப் பட்டியலிலிருந்து போனது.

ஆனால், இந்தக் கணக்குக்கு அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: பின்னால் போனால், நாம் இருந்த பழைய இடத்துக்கே போவோம் என்பது. புதிய நிரல் டேட்டாபேஸின் அமைப்பையே மாற்றியிருந்தால், பழைய நிரலுக்கு அதைப் படிக்கத் தெரியாது. வீட்டு நிலையை உயர்த்திக் கட்டிவிட்டுப் பழைய கதவைக் கொண்டுவந்து மாட்டினால் பொருந்துமா? பொத்தானை அழுத்துவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான். அதற்கு அரை நிமிடம் போதும்.

அந்த அரை நிமிடத்தின் விலைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 2012 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க் பங்குச் சந்தையில் சில்லறை முதலீட்டாளர்களுக்கான புதிய திட்டம் தொடங்கவிருந்தது. அதற்காக நைட் கேப்பிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் ஜூலை 27-லிருந்து சில நாட்களாகத் தன் எட்டு சர்வர்களில் புதிய நிரலை ஏற்றிக்கொண்டு வந்தது. ஏழு சர்வர்களில் ஏறியது. எட்டாவதில் ஏற்ற விட்டுப்போனது, யாரும் சரிபார்க்கவில்லை. எட்டாவதில் 'பவர் பெக்' என்ற பழைய நிரல் தூங்கிக்கொண்டிருந்தது. பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இல்லாதது. புதிய நிரலை இயக்க எந்த சுவிட்சைத் தேர்ந்தெடுத்தார்களோ, அது ஒரு காலத்தில் பவர் பெக்கின் சுவிட்ச்.

சந்தை காலை 9.30-க்குத் திறந்தது. ஏழு சர்வர்கள் ஒழுங்காக வேலை செய்தன. எட்டாவது, பங்குகளை நிறுத்தாமல் வாங்கவும் விற்கவும் ஆரம்பித்தது. நிறுவனத்தில் இருந்தவர்கள் செய்தது, எந்த ஆன்-கால் பொறியாளரும் செய்யக்கூடியதுதான். புதிய நிரல், புதிய நாள், புதிய பிழை. நேரம் பொருந்துகிறது. உடனே ரோல்பேக். புதிய நிரல் சரியாக ஏறியிருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் அதை எடுத்துவிட்டார்கள்.

அந்த ஏழிலும் அடியில் இருந்தது பழைய பவர் பெக். சுவிட்ச் இன்னும் போட்டபடியே இருந்தது. ஒரு சர்வர் செய்துகொண்டிருந்த நாசத்தை மற்றவையும் செய்யத் தொடங்கின.

பிழை எட்டு சர்வர்களிலும் வருகிறதா, ஒன்றில் மட்டும் வருகிறதா என்று பிரித்துப் பார்த்திருந்தால், குற்றவாளி புதிய நிரல் அல்ல, புதிய நிரல் ஏறாத இடம் என்பது தெரிந்திருக்கும். சுமார் 45 நிமிடத்தில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வர்த்தகங்கள் நடந்துவிட்டன. நஷ்டம் 46 கோடி டாலருக்கும் மேல் என்று அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் பின்னர் தன் உத்தரவில் பதிவு செய்தது.

அதே உத்தரவில் இன்னொரு தகவலும் இருக்கிறது. அன்று காலை 8.01 மணியிலிருந்து, சந்தை திறப்பதற்குள், நைட் கேப்பிடலின் கணினியே 97 மின்னஞ்சல்களை ஊழியர்களுக்குத் தானாக அனுப்பியிருந்தது. எல்லாவற்றிலும் பவர் பெக்கின் பெயரோடு ஒரு பிழைச் செய்தி. அலாரமாக அடிக்கும்படி அவற்றை யாரும் அமைத்து வைக்கவில்லை. வந்தவற்றை யாரும் வழக்கமாகப் படிப்பதும் இல்லை. 9.30-க்குத்தான் கோடு எழுந்தது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்க, அது எழுந்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது.